நோட்டுப் புத்தக லேபிள்கள்: எல்லையோரப் பள்ளி மாணவி ஒருத்தியின் அடையாளத் தேடல் குறித்த நிகழ்வு ஆய்வு

இந்தப் பதிவில் வரும் மாணவியும் அவளுடைய வீட்டாரும் இதை எழுத ஒப்புதல் தந்திருக்கிறார்கள். ஆளை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். நிகழ்ந்தவற்றின் வரிசையையும் நான் எடுத்த முடிவுகளையும் மாற்றவில்லை. ஒன்பதாம் வகுப்பின் தொடக்கத்திலிருந்து பிளஸ் ஒன்னின் நடுப்பகுதி வரை, ஏறத்தாழ இரண்டரை ஆண்டுகள் இந்த மாணவியை ஆலோசகர் என்ற முறையில் அறிந்திருந்தேன்.

பின்னணி

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, வேலந்தாவளம் என்று நீளும் சித்தூர் வட்டத்து ஊர்களில் வீட்டுப் பேச்சு கொங்குத் தமிழ். அலுவலகப் பேச்சும் எழுத்தும் மலையாளம். 1956இல் மாநிலங்கள் மொழிவாரியாகச் சீரமைக்கப்பட்டபோது கேரளத்துக்குள் அமைந்த இப்பகுதியில், அரசுப் பள்ளிகள் பலவற்றில் தமிழ்வழிப் பிரிவும் மலையாளவழிப் பிரிவும் ஒரே வராந்தாவில் அடுத்தடுத்த வகுப்பறைகளாக இருக்கும். சாமான் வாங்கவும் உறவு பார்க்கவும் பொள்ளாச்சிக்குப் போகிறவர்கள், சாதிச் சான்றிதழுக்கும் ஓய்வூதியத்துக்கும் சித்தூருக்குப் போவார்கள். எந்த இடத்தில் எந்த மொழியை எடுப்பது என்பதை இங்குள்ள பிள்ளைகள் யாரும் சொல்லித்தராமலே பத்து வயதுக்குள் கற்றுக்கொள்கிறார்கள். அந்தத் தேர்வு தங்களைப் பற்றி எதையோ சொல்கிறது என்ற உறுத்தல் பதின்மூன்று, பதினான்கு வயதில்தான் வருகிறது.

மாணவி தமிழ்வழிப் பிரிவில் படித்தவள். தந்தை இளநீர் லோடு ஓட்டுகிறார். தாய் இரண்டு மாடுகளை வைத்துப் பால் சொசைட்டிக்கு ஊற்றுகிறார். வீட்டில் தந்தையின் தாயாரும் ஒரு தம்பியும் உண்டு. எட்டாம் வகுப்பில் ஸ்டூடண்ட் போலீஸ் கேடட்டில் சேர்ந்திருந்தாள். 2010இல் கேரளத்தில் தொடங்கப்பட்ட இந்தத் திட்டத்தில் எட்டு, ஒன்பதாம் வகுப்புகளில் இரண்டு ஆண்டுப் பயிற்சி உண்டு, முடித்தவர்களுக்கு எஸ்.எஸ்.எல்.சி.யில் கிரேஸ் மார்க் கிடைக்கும். ‘போலீஸ் ஆவேன்’ என்று ஆறாம் வகுப்பிலிருந்தே சொல்லிவந்தாள். ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சில் உட்கார்ந்த தோழி ஒருத்தியும் அவளோடு கேடட்டில் சேர்ந்தாள். இந்தத் தோழியைப் பற்றிப் பின்னால் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதல் சந்திப்பு: ஒன்பதாம் வகுப்பு, ஜூன்

கேடட் பொறுப்பாசிரியர்தான் அவளை என்னிடம் அனுப்பினார். காரணம் எதுவும் சொல்லாமல் விலக விரும்புகிறாள், ஒரே ஆண்டுதான் பாக்கி, கிரேஸ் மார்க் போய்விடும் என்பது அவருடைய கவலை. என் அறைக்கு வந்தவள் கையிலிருந்த நோட்டின் மேல் விரலை வைத்துத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். பழுப்பு அட்டை, அதில் ஒட்டிய லேபிளில் தமிழில் முன்னெழுத்தோடு பெயர், அதற்குக் கீழே எஸ்.பி.சி. என்ற மூன்று எழுத்துகள். அந்த மூன்று எழுத்துகளை நகத்தால் சுரண்டி எடுத்திருந்தாள்.

‘போலீஸ் ஆகணும்னு முதல்ல யாருக்குத் தோணுச்சு?’ என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, ‘அப்பாவுக்குங்க டீச்சர். செக்போஸ்ட்ல வண்டிய நிறுத்தறப்பெல்லாம் அவருக்கு அப்படித் தோணும்னு சொல்லுவாரு’ என்றாள். தந்தை மீது கோபமில்லை. தனக்கு அது வேண்டுமா வேண்டாமா என்றும் தெரியவில்லை. ‘அத நான் ஒருக்காக்கூட யோசிச்சதில்லீங்க’ என்பதுதான் அவள் தந்த விளக்கம்.

அடையாளம் பற்றிய ஆய்வுகளில் எரிக் எரிக்சனின் கருத்துகளை அடியொற்றி ஜேம்ஸ் மார்சியா 1966இல் முன்வைத்த இரண்டு கேள்விகள் எனக்கு இன்றும் பயன்படுகின்றன: இந்தப் பிள்ளை வெவ்வேறு வழிகளை உண்மையாகவே ஆராய்ந்து பார்த்திருக்கிறதா, ஏதேனும் ஒன்றில் உறுதி கொண்டிருக்கிறதா? இரண்டும் இருந்தால் அது எட்டிய அடையாளம். இரண்டும் இல்லாவிட்டால் சிதறிய நிலை. ஆராய்ச்சி நடக்கிறது, உறுதி இன்னும் வரவில்லை என்றால் அது தவணைக் காலம். ஆராயாமலே உறுதி மட்டும் இருந்தால், அது பெரியவர்கள் கையில் கொடுத்ததை அப்படியே வாங்கி வைத்துக்கொண்ட நிலை. எட்டாம் வகுப்பு வரை இம்மாணவி கடைசியாகச் சொன்ன நிலையில் இருந்தாள். இப்போது அதிலிருந்து வெளியே கால் வைக்கிறாள். இந்த நான்கையும் ஏறிச்செல்லும் படிகளாக எடுத்துக்கொள்ளக் கூடாது. வாங்கி வைத்துக்கொண்ட நிலையிலேயே வாழ்நாள் முழுவதும் நிம்மதியாக இருப்பவர்கள் உண்டு. எட்டியவர்கள் மறுபடி தவணைக்குப் போவதும் உண்டு. ஒரே பிள்ளை தொழிலில் ஒரு நிலையிலும், நம்பிக்கையில் வேறொரு நிலையிலும் இருக்கலாம்.

அன்று எடுத்த முடிவு சிறியது. கேடட்டிலிருந்து விலகுவதைத் தடுக்க வேண்டாம், ஆனால் ஆகஸ்ட் முடியும் வரை பொறுத்து எழுதிக் கொடுக்கட்டும் என்று ஆசிரியரிடம் சொன்னேன். யாராவது மிரட்டியோ கேலி செய்தோ அவள் விலகுகிறாளா என்று பார்த்துக்கொள்ள அந்த இரண்டு மாதம் எனக்குத் தேவைப்பட்டது. அப்படி எதுவும் இல்லை. ஆகஸ்ட் இறுதியில் விலகினாள்.

கூட்டம் மாறியது: செப்டம்பர் முதல் டிசம்பர் வரை

கேடட் அணிவகுப்பு இருந்த மாலைகளில் அவள் மலையாளவழிப் பிரிவின் திருவாதிரைக்களி அணியில் சேர்ந்து ஆடத் தொடங்கினாள். உபஜில்லா அளவில் நடக்கும் பள்ளிக் கலைவிழாவான கலோத்சவத்துக்கான அணி. கசவுப் புடவையும் தலையில் பூவுமாக ஒத்திகைக்குப் போனவள், இடைவேளைகளிலும் அந்தப் பெண்களோடுதான் உட்கார்ந்தாள். பழைய தோழியின் பெஞ்சில் இடம் காலியாயிற்று. நோட்டில் புது லேபிள் வந்தது: பெயர் மலையாள எழுத்தில், கடைசி அசை மலையாளப் பெயர்கள் முடிவதுபோல் மாற்றப்பட்டிருந்தது.

வீட்டில் தம்பியோடு மலையாளத்தில் பேசினாள். நவம்பரில் பெற்றோர் கூட்டத்துக்குத் தாயார் வந்தபோது, வாசலிலேயே நிறுத்தி, ‘டீச்சர்கிட்ட தமிழ்ல பேசாதீங்கம்மா, நானே சொல்லிக்கறேன்’ என்று சொல்லியிருக்கிறாள். தாயார் அன்று கூட்டம் முடியும் வரை வாய் திறக்கவில்லை. மறுநாள் அவர் என்னைப் பார்க்க வந்தார், உடன் பாட்டியும். ‘எம் பேச்சு அவளுக்குக் கூச்சமா இருக்குதாம் கண்ணு. இந்தப் பேச்சுலதான அவள வளத்துனேன்?’ என்று பாட்டி கேட்டது எனக்கு எளிதில் பதில் சொல்லக்கூடிய கேள்வியாக இல்லை. நானும் அதே வயதில் பாலக்காட்டுப் பேருந்தில் அம்மா சத்தமாகத் தமிழ் பேசியபோது ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தவள்தான்.

அவள் பேச்சையும் நடையையும் மாற்றியதில் என் கவனம் செல்லவில்லை. இந்த மாற்றத்தோடு வேறு ஏதாவது சேர்ந்து வருகிறதா என்று மட்டும் பார்த்தேன்: தூக்கம், சாப்பாடு, வருகைப் பதிவு, யாரோடு எங்கே இருக்கிறாள் என்பது வீட்டில் ஒருவருக்காவது தெரிகிறதா. நான்கும் சரியாக இருந்தன. ஆகவே பெற்றோரிடம் இரண்டு செய்திகளை மட்டும் சொன்னேன். மொழியையும் உடையையும் சண்டையாக்க வேண்டாம்; அம்மாவைப் பேசவிடாமல் நிறுத்தியது மட்டும் தவறு, அதைத் தாயாரே நேராக அவளிடம் சொல்லட்டும். தாயார் சொன்னார். மாணவி அழுதாள், மன்னிப்புக் கேட்கவில்லை.

கலோத்சவம் முடிந்து இரண்டே வாரத்தில் அந்த அணி கலைந்தது. பொது வேலை இருந்தவரைதான் அந்தக் கூட்டம் கூட்டமாக இருந்தது என்பதை அவள் டிசம்பரில் கண்டுகொண்டாள். பழைய பெஞ்சுக்குத் திரும்ப முயன்றாள். அங்கே வேறொரு பெண் உட்கார்ந்திருந்தாள்.

கிடாவெட்டும் மறுப்பும்: ஜனவரி முதல் மே வரை

இந்த இடைக்காலத்தில் அவளுக்குக் கூட்டம் இல்லை. கொள்கை ஒன்று வந்தது. ஜனவரியில் கறி சாப்பிடுவதை நிறுத்தினாள். நோட்டு லேபிளில் பெயருக்குப் பதில் ஒரு இலையின் படமும் வரிசை எண்ணும் மட்டும் இருந்தன. ஏப்ரலில் மாரியம்மன் நோம்பிக்குக் குடும்பத்தின் நேர்த்திக்கடனாகக் கிடா வெட்டியபோது, பந்தியில் இலை போட்ட பிறகு எழுந்து போய்விட்டாள். உறவினர் நடுவே தந்தைக்கு அது பெரிய அவமானமாயிற்று. அவளிடம் பேசுவதை இரண்டு வாரம் நிறுத்தினார்.

இங்கேதான் நான் அதிக எச்சரிக்கையாக இருந்தேன். ஒரு பதினான்கு வயதுப் பெண் திடீரென்று ஓர் உணவு வகையை விலக்கினால் அது கொள்கையாகவும் இருக்கலாம், உடல் எடையைக் குறைப்பதற்கான மறைப்பாகவும் இருக்கலாம். இரண்டையும் வேறுபடுத்திக் காட்டும் அடையாளங்கள் உண்டு. கொள்கைக்காக விலக்குகிறவள் விலக்கியதற்கு ஈடாக வேறொன்றைத் தாராளமாகச் சாப்பிடுவாள், தன் கொள்கையைப் பற்றி ஓயாமல் பேசுவாள், பிறரோடு உட்கார்ந்து உண்பாள். எடைக்காக விலக்குகிறவளிடம் விலக்கும் பட்டியல் வாரந்தோறும் நீளும், கூட்டாக உண்பதைத் தவிர்ப்பாள், கண்ணாடியும் எடைக்கருவியும் அவள் நாளை ஆளும், மாதவிலக்கு தள்ளிப்போகக்கூடும். பள்ளிச் செவிலியர் மாதம் ஒருமுறை எடை பார்த்தார், குறையவில்லை. முட்டையும் தயிரும் பருப்பும் சாப்பிட்டாள், மாதவிலக்கு ஒழுங்காக வந்தது, கோழி வளர்ப்பவர்களிடம்கூட வாதம் செய்தாள். அதனால் இதைக் கொள்கை என்றே எடுத்துக்கொண்டேன். தந்தையிடம், ‘அவ சாமிய மறுக்கல, வெட்டறதத்தான் மறுக்கறா. பொங்கல் வைக்க நிக்கறாளான்னு மட்டும் கேட்டுப் பாருங்க’ என்றேன். மறுவாரம் அவள் பொங்கல் வைக்க நின்றாள்.

ரகசியக் கணக்கு: பத்தாம் வகுப்பு, ஜூன் முதல் ஆகஸ்ட் வரை

பத்தாம் வகுப்பில் பிளஸ் டூ மாணவர்கள் மூவரோடு சேர்ந்தாள்; இரண்டு பெண்கள், ஒரு பையன். வாசகசாலையில் புத்தகம் எடுப்பார்கள், அரசியலும் கடவுள் மறுப்பும் பேசுவார்கள். டியூஷனைத் தவிர்த்து அவர்களோடு உட்கார்ந்தாள். நோம்பியில் பொங்கல் வைத்தவள் மூன்று மாதம் கழித்துக் கோயிலே தேவையில்லை என்றாள். லேபிளில் ஆங்கில முன்னெழுத்துகள் இரண்டு மட்டும். ஆகஸ்டில் தந்தை அவளுடைய போனில் ஓர் இன்ஸ்டாகிராம் கணக்கைக் கண்டுபிடித்தார். வேறு பெயர், வயது 18க்கு மேல் என்ற பதிவு, நூறுக்கும் மேற்பட்ட அறிமுகமற்றவர்கள். போனைப் பிடுங்கி, வாசகசாலைக்குப் போவதையும் நிறுத்தினார்.

முதல் நாளிலேயே நான் அவளிடம் ரகசியத்தின் எல்லையைச் சொல்லியிருந்தேன்: அவள் உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து என்றாலும், 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் கீழ் வரும் குற்றம் எதுவும் நடந்திருந்தாலும் நான் மறைக்க முடியாது. அந்த நினைவூட்டலோடு கணக்கில் வந்த செய்திகளை அவளே எனக்குப் படித்துக் காட்டினாள். பெரும்பாலும் கவிதை, திரைப்படப் பேச்சு. அறியாத ஆள் ஒருவர் இருமுறை புகைப்படம் கேட்டிருந்தார். அவள் தரவில்லை, அந்த ஆளைத் தடுத்தும் இருந்தாள். சட்டப்படி புகார் செய்ய வேண்டிய கட்டத்தை விஷயம் எட்டவில்லை.

பெற்றோரை உட்காரவைத்துப் பேசியபோது, பாதுகாப்பையும் விருப்பத்தையும் பிரித்தோம். அறியாதவர்களை நீக்குவது, உண்மை வயதைக் கொடுப்பது, இரவு ஒன்பது மணிக்கு மேல் போன் அம்மாவின் அலமாரியில் இருப்பது, மாலையில் எங்கே இருக்கிறாள் என்பதைச் சொல்லிவிட்டுப் போவது: இவற்றில் பேரம் இல்லை. கடவுள் உண்டா இல்லையா, யாரோடு புத்தகம் பேசுவது, கறி சாப்பிடுவதா என்பதில் பெற்றோர் கருத்துச் சொல்லலாம், தடுக்க வேண்டாம். வாசகசாலையைத் திறந்துவிட வேண்டும் என்று நான் வற்புறுத்தியதற்கு ஒரு காரணம் உண்டு. ஹோக்கன் ஸ்டாட்டின், மார்கரெட் கெர் இருவரும் ஸ்வீடனில் செய்து 2000இல் வெளியிட்ட ஆய்வு, பிள்ளையின் நடமாட்டம் பெற்றோருக்குத் தெரிந்திருப்பது பெரும்பாலும் அவர்கள் வேவு பார்ப்பதாலோ விதி போடுவதாலோ அல்ல, பிள்ளை தானாகச் சொல்வதால்தான் என்று காட்டியது. போன் பிடுங்கப்பட்ட மூன்று வாரத்தில் இவ்வீட்டில் நின்றுபோனது அதுவேதான்: அவள் சாப்பாட்டு நேரத்தில் ‘உம்’ என்பதைத் தவிர எதுவும் சொல்லவில்லை.

நான் செய்த பிழை: செப்டம்பர், அக்டோபர்

இதுவரை மாணவி சிந்தித்தது குறைவு. செய்து பார்த்ததே அதிகம். கேடட், ஆட்டம், உணவு, வாதம் என ஒவ்வொன்றையும் உடுத்திப் பார்த்தாள், கழற்றினாள். ஓணத் தேர்வில் மதிப்பெண் இறங்கியதும், பிளஸ் ஒன் விண்ணப்பத்துக்கு இன்னும் எட்டு மாதம்தான் என்று தந்தை கணக்குச் சொன்னதும், எனக்கும் அவசரம் தொற்றிக்கொண்டது. ஒரு விருப்ப வினாத்தாளையும், வீட்டுக்கு எடுத்துச்சென்று எழுத ஒரு தாளையும் கொடுத்தேன். தாளின் தலைப்பு ‘நான் யார்’. அறிவியல், வணிகவியல், ஹியூமானிட்டீஸ் மூன்றில் எது என்பதையும் காரணத்தோடு மாத இறுதிக்குள் எழுதி வரச் சொன்னேன்.

மூன்றாம் வாரம் தாயார் வந்தார். இரவு இரண்டு மணிக்கு விளக்கெரிகிறது, எழுதுகிறாள், கிழிக்கிறாள். அந்தத் தாளை வாங்கிப் பார்த்தேன். பதினொரு முறை தொடங்கப்பட்டிருந்தது. ஒவ்வொன்றும் முதல் வரியிலேயே அடிக்கப்பட்டிருந்தது. கடைசியாக அடிக்காமல் விட்டிருந்த ஒரே வரி: ‘இது எல்லாமே பொய்யோ?’

அடையாள ஆய்வில் கோயன் லூய்க்ஸும் உடன் ஆய்ந்தோரும் 2008இல் பிரித்துக் காட்டிய ஒன்றை நான் படித்திருந்தும் நடைமுறையில் மறந்திருந்தேன். தேடல் ஒரே வகை அல்ல. பலவற்றை அகலமாகப் பார்ப்பது ஒன்று, ஒன்றை எடுத்து ஆழமாகப் பார்ப்பது ஒன்று. மூன்றாவது, எதிலும் இறங்காமல் ‘எது சரி, தப்பாகிவிட்டால்?’ என்று ஒரே இடத்தில் அசைபோடுவது. முதல் இரண்டும் வளர்ச்சியின் பாகங்கள். மூன்றாவது மனச்சோர்வோடும் பதற்றத்தோடும் சேர்ந்து காணப்படுவது. இவற்றைப் பிரித்தறியக் கடினமான சோதனை எதுவும் தேவையில்லை. ‘இந்த வாரம் இதைப் பற்றி என்ன செய்தாய், புதிதாக என்ன தெரிந்தது?’ என்று கேட்டால் போதும். தேடுகிறவளிடம் ஒரு செய்தி இருக்கும்: ‘அந்த அக்கா சொன்னாங்க, அங்க கணக்கே கிடையாதாம்’ என்பதுபோல. அசைபோடுகிறவளிடம் போன வாரக் கேள்வியே இருக்கும், தூக்கம் குறைந்திருக்கும். அக்டோபரில் நான் கேட்டபோது அவளிடம் செய்தி எதுவும் இல்லை. செய்துபார்த்துத் தேடிக்கொண்டிருந்தவளை உட்காரவைத்து அசைபோட வைத்தது என் தாள்தான்.

மூத்த உளவியலாளர் ஒருவரிடம் கலந்தேன். மனச்சோர்வு மதிப்பீடு செய்ய அவரிடமே அனுப்பினேன். தற்கொலை எண்ணம் இல்லை, மருந்து தேவைப்படவில்லை, தூக்கத்துக்கான ஒழுங்குகள் மட்டும் சொல்லப்பட்டன. தாளை அவள் முன்னிலையில் திரும்ப வாங்கிக்கொண்டு, ‘நான் குடுத்தது தப்பு, இது எழுதி முடிக்கிற விஷயம் இல்ல’ என்றேன். நிமிர்ந்து பார்த்து, ‘டீச்சரே எழுதிப் பாத்தீங்களா?’ என்று கேட்டாள். எழுதிப் பார்த்ததில்லை என்று ஒப்புக்கொண்டேன்.

மாற்றிய வழி: நவம்பர் முதல் பிப்ரவரி வரை

புதிய ஏற்பாடு இதுதான். ஒரு நேரத்தில் ஒரே முயற்சி. அதற்குத் தொடக்க நாளும் பரிசீலனை நாளும் உண்டு, நான்கு வாரத்துக்கு மேல் போகாது. முடிவில் ‘நான் இப்படிப்பட்டவள்’ என்று எதையும் சொல்ல வேண்டியதில்லை; எது பிடித்தது, எது சலித்தது, மறுபடி செய்வாளா என்ற மூன்றை மட்டும் சொன்னால் போதும்.

முதல் முயற்சி, தமிழ்க் கவிதை ஒப்புவித்தலுக்குச் சின்ன வகுப்புப் பிள்ளைகளைப் பழக்குவது. இரண்டே வாரத்தில் சலித்துவிட்டது, விட்டாள். இரண்டாவது முயற்சி நாங்கள் திட்டமிடாதது. பாட்டியின் ஓய்வூதியம் இரண்டு மாதமாக வரவில்லை, பஞ்சாயத்திலிருந்து ஒரு கடிதம் வந்திருந்தது. தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தம் மொழியிலேயே அரசுக்கு எழுதலாம் என்று 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் இடமளிக்கிறது. ஆனால் எங்கள் பக்கம் வீட்டுக்கு வரும் கடிதம் பெரும்பாலும் மலையாளத்தில்தான் இருக்கும். ஓய்வூதியம் ரத்தாகிவிட்டது என்று எண்ணிப் பாட்டி அதை அரிசிப் பானைக்கு அடியில் மறைத்து வைத்திருந்தார். பேத்தி எடுத்துப் படித்தாள். வருமானச் சான்றிதழ் கேட்டிருக்கிறார்கள், கொடுத்தால் நின்ற மாதப் பணமும் சேர்த்து வரும் என்று இருந்தது. கொங்குத் தமிழில் வரிவரியாகச் சொல்லி, வில்லேஜ் ஆபீசுக்கு உடன் போய், விண்ணப்பத்தைத் தானே எழுதிக் கொடுத்தாள். அடுத்த வாரம் பக்கத்து வீட்டு மூதாட்டி ஒருவர் தன் கடிதத்தோடு திண்ணையில் வந்து உட்கார்ந்தார். டிசம்பர் முடிவதற்குள் ஒன்பது பேர்.

இதைத்தான் நான்கு வார முயற்சியாக எடுத்துக்கொண்டோம். பரிசீலனை நாளில் அவள் சொன்னது எனக்கு எதிர்பாராதது. பிறருக்கு உதவுவது பிடித்ததாக அவள் சொல்லவில்லை. ‘அந்தக் கடுதாசிய ஏன் அவங்களுக்குப் புரியாதபடிக்கே எழுதறாங்கன்னு தெரிஞ்சுக்கணும் டீச்சர்’ என்றாள். மூதாட்டிகள் ஒரே கதையைத் திரும்பத் திரும்பச் சொல்வது சலிப்பாக இருந்தது என்றும் சொன்னாள். இரண்டையும் அப்படியே எழுதி வைத்துக்கொண்டோம். தூக்கம் ஜனவரி நடுவில் சீரானது.

விளைவு

எஸ்.எஸ்.எல்.சி.யில் அவளுக்கு எல்லாப் பாடத்திலும் ஏ பிளஸ் கிடைக்கவில்லை. கிரேஸ் மார்க் இருந்திருந்தால் இரண்டு பாடம் ஏறியிருக்கலாம். தந்தை இதை இன்றும் சொல்கிறார், அவர் சொல்வதில் நியாயம் உண்டு. பிளஸ் ஒன் ஒற்றைச் சாளர விண்ணப்பத்தில் ஹியூமானிட்டீஸை முதலிலும் வணிகவியலைப் பின்னும் போடுவதென்று வீட்டில் பேசி முடித்தார்கள். அறிவியலைக் கைவிடத் தந்தை ஒரு நிபந்தனையோடு ஒப்புக்கொண்டார்: பாடம் ஒத்துவராவிட்டால் மாறுதலுக்கான வாய்ப்பு திறக்கும்போது அவள் அதைத் தானே வந்து சொல்ல வேண்டும். மேற்கத்தியக் கல்லூரி மாணவர்களை வைத்து வளர்ந்த இந்த ஆய்வுத்துறையின் கண்ணால் பார்த்தால் இது அவளுடைய ‘சொந்த’ முடிவா என்று சந்தேகம் வரும். எங்கள் பக்கத்து வீடுகளில் முடிவு என்பது பலர் உட்கார்ந்து எடுப்பது. அவள் சொல் அதில் எண்ணப்பட்டதா, காரணம் அவளுக்குத் தெரியுமா என்பதையே நான் அளவாகக் கொண்டேன். இரண்டும் இருந்தன.

இரண்டாம் மொழியாக அவள் மலையாளத்தை எடுத்தாள். பாட்டிக்கு வருத்தம்தான். கோழி இன்னும் சாப்பிடுவதில்லை, மீன் சாப்பிடத் தொடங்கிவிட்டாள். அதற்குக் கொள்கை விளக்கம் எதுவும் அவளிடம் இல்லை. கடவுள் குறித்த கருத்தை நான் பிறகு கேட்கவில்லை. வாசகசாலை நண்பர்களில் ஒருத்தி மட்டும் தொடர்பில் இருக்கிறாள். நவம்பரில் கடைசியாகப் பார்த்தபோது, இப்போது நோட்டு லேபிளில் என்ன எழுதியிருக்கிறாய் என்று கேட்டேன். ‘பிளஸ் ஒன்னுல யாருங்க டீச்சர் லேபிள் ஒட்டறாங்க?’ என்று சிரித்தாள்.

மாற்றிக்கொண்டவை

‘நான் யார்’ தாளை என் கோப்பிலிருந்து எடுத்துவிட்டேன். ஒன்பதாம் வகுப்பில் ஒரு பிள்ளை கூட்டம் மாற்றினால், வீட்டாரை முதல் மாதத்திலேயே அழைத்துப் பாதுகாப்பு விதிகளை அமைதியான நேரத்தில் பேசிவைக்கிறேன். ஆகஸ்டு மாத வெடிப்பு நேரும் வரை நான் காத்திருந்தது சரியல்ல. கிரேஸ் மார்க் போன்ற, திரும்பப் பெற முடியாத இழப்பு உள்ள முடிவுகளில், அந்த இழப்பு இவ்வளவு என்று எண்ணிக்கையாகவே பிள்ளைக்குச் சொல்லிவிடுகிறேன். அன்று அவளிடம் அதை நான் சொல்லவில்லை. அழுத்தம் கொடுப்பதாகிவிடும் என்று தயங்கினேன்.

பெரிய மாற்றம் பழைய தோழியால் வந்தது. அவள் கேடட்டை முழுதாக முடித்தாள், எல்லாவற்றிலும் ஏ பிளஸ் வாங்கினாள், வீட்டார் சொன்ன அறிவியலில் சேர்ந்தாள். இரண்டரை ஆண்டில் ஒரு ஆசிரியரும் அவளை என்னிடம் அனுப்பவில்லை. பிளஸ் ஒன் அக்டோபரில் தானாகவே வந்தாள். இயற்பியல் வகுப்பில் வயிற்றுவலி என்று எட்டு முறை வீட்டுக்குப் போயிருந்தாள், மருத்துவர் வயிற்றில் ஒன்றுமில்லை என்றிருந்தார். ‘இது எனக்கு வேணுமான்னு வீட்ல யாரும் கேக்கலீங்க. நானும் கேக்கல’ என்றாள். தோழி எழுந்து போன பெஞ்சில் தனியாக உட்கார்ந்த அந்த மாதங்களைப் பற்றியும் அப்போதுதான் முதன்முறை பேசினாள். பாடப்பிரிவு மாறுதலுக்கான காலம் அதற்குள் முடிந்திருந்தது.

இப்போது ஒன்பதாம் வகுப்பில் ஒவ்வொரு ஜூலையிலும் எல்லாப் பிள்ளைகளையும் ஆளுக்குப் பதினைந்து நிமிடம் சந்திக்கிறேன். ஆசிரியர்கள் அனுப்பும் பெயர்களோடு, ‘பிரச்சினையே இல்லை’ என்று அவர்கள் சொல்லும் பெயர்களையும் தனியே எழுதி வாங்கி, அந்தப் பட்டியலிலிருந்து தொடங்குகிறேன்.